எங்கள் முகவரியில் நாங்கள் அனுப்பாத மின்னஞ்சல்: உப்புவெளியில் ஒரு சீசன் பட்ட பாடு

2023 சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கிழமை. திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் நடத்தும் ஏழு அறை விடுதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போன். "அண்ணை, நீங்கள் ஈமெயில்ல கேட்டபடி முழுக்காசையும் போட்டிட்டம். ரசீது இன்னும் வரேல்லை" என்றார் அந்தத் தம்பி. நாங்கள் யாரிடமும் முழுக்காசு கேட்பதில்லை. கால்வாசி முற்பணம், மிச்சம் வந்து இறங்கிய பிறகு. மெயிலை அனுப்பச் சொல்லிப் பார்த்தால் எங்கள் முகவரி, எழுத்துக்கு எழுத்துச் சரி. சீசன் தள்ளுபடி 25 வீதம், 24 மணித்தியாலத்துக்குள் முழுப்பணமும் கட்டவேண்டும் என்று எழுதி, கீழே எங்களுடையதல்லாத ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். அடுத்த நாள் இன்னொரு குடும்பமும் அழைத்தது. இரண்டு பேரும் கட்டியது மொத்தம் 186,000 ரூபா. பழைய வாடிக்கையாளர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, போன பணத்தில் பாதியை அறை வாடகையில் கழித்துவிட்டோம். எங்கள் கைக்கடி 93,000.

எங்கள் மெயில் பெட்டியை யாரோ உடைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன், எல்லாக் கணினியிலும் வைரஸ் தேடினேன், போனையும் ரீசெட் செய்தேன். இரண்டு நாள் இப்படிப் போனது. அனுப்பிய மெயில்களின் பட்டியலில் அந்தக் கடிதம் இல்லை, உள்நுழைந்த விபரங்களிலும் திருகோணமலையைத் தவிர வேறு இடம் இல்லை. அதாவது பெட்டியை யாரும் திறக்கவில்லை, வெளியிலிருந்தே எங்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மின்னஞ்சல் பயணப்படும் முறையில் அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரையும் எழுதலாம், எழுதுபவர் யார் என்று அந்த முறை தானாகக் கேட்பதில்லை. வாடிக்கையாளர் முகவரிகள் எப்படிப் போயின என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, சந்தேகம் மட்டும் உண்டு. தைப்பொங்கல் வாழ்த்தை 60 பேருக்கு, எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி ஒரே மெயிலாக அனுப்பியவன் நான்தான்.

இப்படி ஒன்று நடந்தால் முதல் செய்யவேண்டியது கடவுச்சொல் மாற்றுவதல்ல, கள்ள மெயிலின் தலைப்பு விபரங்களைப் பெறுவது. வாடிக்கையாளர் அதை உங்களுக்கு ஃபோர்வர்ட் செய்தால் அந்த விபரம் வராது, அவருடைய விபரம்தான் வரும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி `Show original` என்பதைத் தெரிவுசெய்து, அந்தப் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் `Authentication-Results` என்று தொடங்கும் பகுதியில்தான் விசயம் இருக்கிறது. எங்களுக்கு வந்த கள்ள மெயிலில் அங்கே `spf=softfail` என்று இருந்தது. சரி, கள்ளம் என்று ஜிமெயிலுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு நான் உண்மையாக அனுப்பிய ஒரு பற்றுச்சீட்டை அதேபோல் திறந்து பார்த்தேன். அதிலும் `spf=softfail`. கள்ளனுக்கும் எனக்கும் ஒரே புள்ளி.

காரணம் எளிது. டொமைன் என்பது முகவரியில் @ க்குப் பிறகு வரும் பெயர், அதன் விபரங்களை எல்லாருக்கும் காட்டும் பொதுப் பதிவேடுதான் டிஎன்எஸ். எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் வைக்கும் ஒரு வரி. "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சேர்வர்கள் இவை" என்ற பட்டியல் அது. எங்களுக்கு இணையத்தளம் போட்டுத் தந்த ஹோஸ்டிங் நிறுவனம் தன் சேர்வரை மட்டும் போட்டு அந்த வரியைத் தானாக எழுதி வைத்திருந்தது. பிறகு நாங்கள் மெயிலை மட்டும் கூகுளுக்கு மாற்றினோம், பட்டியலில் கூகுளைச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நாங்களும் பட்டியலில் இல்லாதவர்கள், கள்ளனும் பட்டியலில் இல்லாதவன். உங்கள் வரி எப்படி இருக்கிறது என்று பார்க்க விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடித்தால் போதும். எங்கள் பெயருக்குப் பதிலாக எல்லா இடத்திலும் example.com என்றே எழுதுகிறேன்.

```
nslookup -type=txt example.com
```

இதைச் சரிசெய்ய ஒருவரைப் பிடித்தேன். 18,000 ரூபா வாங்கினார். அவர் கூகுள் சொன்ன வரியைப் புதிதாக ஒட்டிவிட்டுப் போனார், பழைய வரியை அழிக்கவில்லை. ஒரு டொமைனுக்கு `v=spf1` என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிற சேர்வர் எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டு `permerror` என்று எழுதிவிடும். அப்படி இருந்த நான்கு நாளும் எங்கள் பதில்களில் பாதி வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் போனது. புதிதாக ஒரு வரி சேர்க்காதீர்கள், இருக்கிற வரிக்குள்ளேயே சேருங்கள். எங்களுடையது கடைசியில் இப்படி வந்தது:

```
v=spf1 include:_spf.google.com ip4:203.0.113.25 -all
```

முதல் துண்டு கூகுளின் சேர்வர்கள், இரண்டாவது எங்கள் இணையத்தளம் இருக்கும் சேர்வரின் இலக்கம், கடைசித் துண்டு "மற்ற எவரும் இல்லை" என்பது. ஒவ்வொரு `include` உம் பெறுகிற சேர்வரை இன்னொரு இடத்துக்குத் தேடப் போகச் செய்கிறது. அந்தத் தேடல்கள், உள்ளுக்குள் இருக்கும் `include` களையும் சேர்த்து, 10 ஐத் தாண்டினால் மறுபடி `permerror` தான். `ip4` அந்தக் கணக்கில் சேராது. மெயில், ஹோஸ்டிங், விளம்பர மெயில், கணக்குப் பதியும் மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு `include` போட்டால் பத்து சீக்கிரம் வந்துவிடும், அதனால் பாவிக்காமல் விட்டதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: டொமைன் வாங்கிய இடத்தின் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரு நாள் காத்திருந்தேன், ஒன்றும் மாறவில்லை. டிஎன்எஸ் பதிவுகளை வெளியில் சொல்லும் எங்கள் நேம்சேர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருந்தது. நேம்சேர்வர் எங்கே இருக்கிறதோ அங்கே எழுதினால்தான் உலகத்துக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு, வைகாசிக் கடைசியில், நீர்மூழ்கப் புறாத்தீவுக்கு வரும் ஒரு குழுவின் ஒழுங்கமைப்பாளர் அழைத்தார். "நீங்கள் கணக்கு இலக்கம் மாத்தினீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் போடப் போனாராம். அந்த மனுசனுக்குப் புண்ணியமாய்ப் போகும். அவர் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது:

```
Return-Path: <bounce@example.org>
From: Booking <info@example.com>
spf=pass smtp.mailfrom=bounce@example.org
```

கள்ள மெயிலில் `spf=pass`! வரியைச் சரியாக எழுதி, இறுக்கி, `-all` என்றும் போட்ட பிறகு கள்ளன் பாஸ். இதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று இரவு போனது. யாராவது முன்னமே சொல்லியிருந்தால் பத்து நிமிடம்.

ஒரு மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. தபாலை நினைத்துப் பாருங்கள். உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம், சேராவிட்டால் திரும்பி வர. உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் இன்னொரு பெயர் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று தபால் கந்தோர் கேட்பதில்லை. மேலே உள்ள `Return-Path` தான் உறை, `From` தான் கடிதத் தலைப்பு. எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை மட்டும். வாடிக்கையாளர் போனில் பார்ப்பது கடிதத் தலைப்பை மட்டும். கள்ளன் தனக்குச் சொந்தமான ஒரு டொமைனை உறையில் எழுதினான், அந்த டொமைனுக்கு ஒழுங்கான எஸ்பிஎஃப் வரியும் வைத்திருந்தான், பாஸ் ஆனான். உள்ளே எங்கள் பெயரை அச்சடித்தான். பெறுகிற சேர்வர் எங்கள் வரியை எட்டியும் பார்க்கவில்லை. எஸ்பிஎஃப் போட்டால் போலி முகவரி நின்றுவிடும் என்று சொல்கிறவர் இந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விடுகிறார்.

அடுத்தது டீகிம். இது பட்டியல் அல்ல, முத்திரை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் உங்கள் மெயில் சேர்வர் ஒரு இரகசியச் சாவியால் முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை உண்மையா என்று பார்க்க உதவும் மற்றச் சாவி, எல்லாரும் பார்க்கும்படி உங்கள் டிஎன்எஸ் பதிவில் இருக்கும். வழியில் கடிதத்தின் உள்ளடக்கத்தை யாரும் மாற்றினால் முத்திரை பிழையாகிவிடும். கூகுளில் இதைச் செய்யும் வழி: நிர்வாகப் பக்கத்தில் `Apps`, `Google Workspace`, `Gmail`, அதற்குள் `Authenticate email`. டொமைனைத் தெரிவுசெய்து, 2048 பிட் சாவியை உருவாக்கி, அது தரும் பெயரையும் நீளமான எழுத்துத் தொடரையும் டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி எனப்படும் எழுத்து வகைப் பதிவாக ஒட்டவேண்டும். ஒட்டியது வெளியில் தெரிந்த பிறகு மறுபடி அதே பக்கத்துக்கு வந்து `Start authentication` ஐ அழுத்தவேண்டும். இந்தக் கடைசி அழுத்தத்தை மறந்துவிட்டுச் சாவியை மட்டும் வைத்திருக்கும் கடைகளை நான் திருகோணமலையிலேயே இரண்டு பார்த்தேன். பூட்டு வாங்கிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறார்கள், பூட்டவில்லை.

எனக்கு இங்கே இரண்டு பிழை வந்தது. பெயர் இடத்தில் `google._domainkey.example.com` என்று முழுதாக எழுதினேன். எங்கள் டிஎன்எஸ் பக்கம் டொமைனைத் தானே பின்னால் ஒட்டுகிற வகை, ஆகவே பெயர் இரட்டித்து `example.com.example.com` என்று முடிந்தது. அப்படிப்பட்ட பக்கத்தில் `google._domainkey` மட்டும் போதும். இரண்டாவது, ஒரு டிஎக்ஸ்டி பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகாது. 2048 பிட் சாவி அதைவிட நீளம். நல்ல பக்கங்கள் தாமே இரண்டாக வெட்டிக்கொள்ளும். எங்களுடையது மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. ஒட்டியதும் கீழே உள்ளதை அடித்து, வருகிற தொடரின் கடைசி எழுத்துகள் கூகுள் தந்ததோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்:

```
nslookup -type=txt google._domainkey.example.com
```

வெட்டுப்பட்டிருந்தால் தொடரை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் ஒரே பதிவில் போடலாம். அதுவும் முடியாவிட்டால் 1024 பிட் சாவி, அது ஒரு துண்டுக்குள் அடங்கும். ஆனால் பலம் குறைவு, வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

சரிபார்க்கும்போது `dkim=pass` என்பதைப் பார்த்து மகிழவேண்டாம், அதற்குப் பக்கத்தில் யாருடைய பெயர் என்று பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் கூகுள் தன் பெயரில் ஒரு முத்திரை குத்தி அனுப்பும், அப்போது அங்கே `gappssmtp.com` என்று முடியும் ஒரு பெயர் தெரியும். அதுவும் பாஸ்தான், ஆனால் உங்கள் முத்திரை அல்ல. உங்கள் டொமைன் பெயரே வந்தால்தான் வேலை முடிந்தது.

டீகிம் போட்ட பிறகும் கள்ளன் நிற்கமாட்டான் என்பது இதற்குள் விளங்கியிருக்கும். அவனுடைய மெயிலில் எங்கள் முத்திரை இல்லை, அவ்வளவுதான். முத்திரை இல்லாத மெயில் உலகத்தில் ஏராளம், எங்கள் மெயில் எல்லாம் முத்திரையோடுதான் வரும் என்று பெறுகிறவருக்கு யார் சொன்னது? அதைச் சொல்கிற மூன்றாவது வரிதான் டிமார்க். "கடிதத் தலைப்பில் எங்கள் பெயர் இருந்தால், எஸ்பிஎஃப் பாஸான உறையின் பெயரோ, டீகிம் முத்திரையின் பெயரோ, இரண்டில் ஒன்றாவது எங்கள் பெயராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்" என்கிறது. உறையையும் கடிதத் தலைப்பையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுவது இந்த வரி மட்டும்தான். `_dmarc` என்ற பெயரில் இப்படித் தொடங்கலாம்:

```
v=DMARC1; p=none; rua=mailto:reports@example.com
```

`p=none` என்றால் ஒன்றையும் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு. கோபத்தில் நேரே `p=reject` போடத்தான் எனக்குக் கை துறுதுறுத்தது. போட்டிருந்தால் எங்கள் சொந்த மெயில்களையே கொன்றிருப்பேன். பெரிய மெயில் சேவைகள் அனேகமாக நாளுக்கு ஒருமுறை சுருக்கிய கோப்பாக அறிக்கை அனுப்புகின்றன. திறந்தால் குறிச்சொற்கள் நிறைந்த ஒரு காடு. பயப்படவேண்டாம், மூன்று விசயம் மட்டும் பாருங்கள்: அனுப்பிய சேர்வரின் இலக்கம், எத்தனை மெயில், டீகிம் எஸ்பிஎஃப் இரண்டும் பாஸா இல்லையா. முதல் கிழமை அறிக்கையில் எங்களுடைய பெயரில் அனுப்பிய மூன்று வகை இடங்கள் தெரிந்தன. கூகுள், பாஸ். முன்பதிவு மென்பொருளின் சேர்வர், பிழை. கண்காணாத சில இலக்கங்கள், பிழை. கடைசி வகைதான் கள்ளன்.

முன்பதிவு மென்பொருள் அறை உறுதிப்படுத்தும் மெயிலை எங்கள் பெயரில் அனுப்பும், உறையில் தன் பெயரைப் போடும். இது கள்ளன் செய்த அதே வேலை, நல்ல எண்ணத்தோடு. அவர்களுக்கு எழுதி, "எங்கள் டொமைனில் டீகிம் முத்திரை குத்த என்ன பதிவு வேண்டும்" என்று கேட்டேன். அவர்களுடைய சாவி இருக்கும் இடத்தைச் சுட்டும் இரண்டு சிநேம் பதிவு தந்தார்கள், ஒட்டினேன், அடுத்த அறிக்கையில் பாஸ்.

இதைத் தோண்டும்போது இணையத்தளத்தின் விசாரணைப் படிவத்திலும் ஒரு பிழை வெளிவந்தது. அது, விசாரிப்பவர் தட்டிய முகவரியையே அனுப்புநராகப் போட்டு எங்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்களே அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதியிருக்கிறோம்! யாஹூ 2014 இலேயே தன் முகவரிகளுக்கு `p=reject` போட்டுவிட்டது. யாஹூ முகவரியோடு படிவம் நிரப்பிய ஒருவருடைய விசாரணையும் எங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை. எத்தனை சீசனாக, எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. உங்கள் படிவத்தில் அனுப்புநராக உங்கள் சொந்த முகவரியையும், `Reply-To` இடத்தில் மட்டும் விசாரிப்பவர் முகவரியையும் வையுங்கள். ஹோஸ்டிங் சேர்வரிலிருந்து நேரே அனுப்பாமல், மெயில் கணக்கில் இதற்கென்றே எடுத்த ஒரு `App password` ஓடு கூகுள் வழியாக அனுப்பவைத்தால் முத்திரையும் சேர்ந்து கிடைக்கும்.

ஐந்து கிழமை `none` இல் வைத்தேன். எங்களுடையது எல்லாம் பாஸ் என்று இரண்டு கிழமை தொடர்ந்து தெரிந்த பிறகு `p=quarantine`, அதாவது பிழையானவை ஸ்பாம் பெட்டிக்கு. இன்னும் மூன்று கிழமை கழித்து `p=reject`. அந்தக் கட்டத்தில் எஸ்பிஎஃப் வரியின் `-all` ஐ `~all` ஆகத் தளர்த்தினேன். பின்வாங்கியது போலத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் தன் அலுவலக மெயிலைத் தன் ஜிமெயிலுக்குத் தானாக ஃபோர்வர்ட் ஆகும்படி வைத்திருந்தால், எங்கள் கடிதம் பட்டியலில் இல்லாத ஒரு சேர்வர் வழியாகப் போய்ச் சேரும், எஸ்பிஎஃப் பிழையாகிவிடும். `-all` ஐக் கண்டதும் சில சேர்வர்கள் முத்திரையைப் பார்க்க முன்னமே கதவைச் சாத்திவிடும். கடிதத்தில் கை வைக்காமல் அனுப்பியிருந்தால் டீகிம் முத்திரை அப்படியே இருக்கும், அது காப்பாற்றும். தடுக்கிற வேலையை டிமார்க் பார்த்துக்கொள்கிறது, எஸ்பிஎஃப் முரண்டு பிடிக்கத் தேவையில்லை.

இந்த மூன்று வரியும் தடுக்காதவை உண்டு. எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி அதற்கு மூன்று வரியும் ஒழுங்காகப் போட்டால் எல்லாம் பாஸ்தான், அது அவனுடைய சொந்த டொமைன். ஏதோ ஒரு ஜிமெயில் முகவரிக்கு எங்கள் விடுதிப் பெயரைக் காட்சிப் பெயராக வைத்தாலும் அப்படியே. போனில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. எங்கள் பெட்டியையே உண்மையில் உடைத்து உள்ளே போனால் அவன் அனுப்புவதில் எங்கள் முத்திரையே விழும், அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு வேறாகப் போடவேண்டும். ஆகவே பற்றுச்சீட்டின் அடியில் "கணக்கு இலக்கத்தை மெயிலில் மாற்றமாட்டோம், மாறியிருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று அச்சடித்தும் வைத்திருக்கிறோம்.

மாசி 2024 முதல் ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று கூகுள் விதி கொண்டுவந்தது. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டோடு டிமார்க்கும் கட்டாயம். எங்களைப் போன்ற சிறு இடங்களுக்கு முதல் விதி மட்டும்தான், ஆனால் அதோடு நிற்பவருக்கு நான் வைகாசியில் பட்டது காத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது எனக்கே பிறகுதான் தெரிந்தது. வேறொருவர் எடுத்துவிடாமல் இருக்க எங்கள் பெயரிலேயே இன்னொரு முடிவுள்ள டொமைனையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தோம். அதில் மெயிலே இல்லை, ஆகவே எந்த வரியும் போடவில்லை. முதல் டொமைனில் `reject` போட்ட அடுத்த மாதம் கள்ள மெயில் அந்தப் பெயரிலிருந்து வரத் தொடங்கியது. மெயில் பாவிக்காத டொமைனுக்கு யோசிக்கவோ அறிக்கை பார்க்கவோ ஒன்றுமில்லை, முதல் வரி டொமைனின் பெயரிலேயே, இரண்டாவது `_dmarc` இல்:

```
v=spf1 -all
v=DMARC1; p=reject
```

இங்கே `-all` தான் சரி. யாரும் அனுப்பாத இடத்தில் பட்டியலும் வெறுமைதான்.